முதல் நாள் டீம் மீட்டிங்கில் என் அறிமுகம்

எல்லாருக்கும் வணக்கம். என் பெயர் தேன்மொழி. கோவையில் பி.டெக். டெக்ஸ்டைல் டெக்னாலஜி படிக்கிறேன். மூன்றாம் ஆண்டுத் தேர்வு எழுதிவிட்டு நேராக இங்கே வந்திருக்கிறேன். இன்றிலிருந்து ஆறு வாரம் உங்களோடு இன்டர்ன்ஷிப். முதலில் லேப், அப்புறம் ஃபேப்ரிக் இன்ஸ்பெக்‌ஷன், கடைசி வாரம் தையல் லைன் என்று மேனேஜர் சார் சொல்லியிருக்கிறார்.

ஊர் ஒன்றும் தூரமில்லை, அனுப்பர்பாளையம்தான். பாத்திர ஊர். அப்பா பித்தளைப் பட்டறையில் வேலை செய்கிறார். நான் துணிப் பக்கம் வந்தது அம்மாவால். அம்மா பனியன் கம்பெனியில் பல வருடம் செக்கிங்கில் இருந்தவர். இப்போது வீட்டில்தான், ஆனால் கண் சும்மா இருக்காது. யாராவது புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தால் போதும், ஓரத்தைத் திருப்பிப் பார்த்து, “ஓவர்லாக்ல தையல் விட்டிருக்கு பாரு” என்பார். வந்தவர்களுக்குத்தான் சங்கடம்.

தம்பிக்குக் காதர்பேட்டையில் ஒரு டி-ஷர்ட் வாங்கினோம். இரண்டு தடவை துவைத்ததும் சைடு தையல் வயிற்றுப் பக்கம் ஏறி வந்துவிட்டது. அம்மா அதைக் கட்டிலில் விரித்து நீவிப் பார்த்தார். கழுத்தை நேராக வைத்தால் கீழே தையல் மூன்று விரல் தள்ளி நிற்கிறது. தையலை நேராக வைத்தால் கழுத்து கோணிக்கொள்கிறது. கட்டிங் மாஸ்டரைத் திட்டித் தீர்த்துவிட்டார். காலேஜில் ஸ்பைராலிட்டி பாடம் வந்தபோதுதான், பாவம், அந்த மாஸ்டர் மேல் தப்பே இல்லாமலும் இருக்கலாம் என்று தோன்றியது. சிங்கிள் ஜெர்ஸியில் நூலின் முறுக்கு அவிழப் பார்க்கும். தண்ணீர் பட்டதும் லூப் சாய்ந்து துணியே திரும்பிவிடும்.

அதையே மினி புராஜெக்டாக எடுத்துக்கொண்டேன். ஒரே 30-ஆம் நம்பர் காட்டன் நூலில் முறுக்கு குறைவாக ஒன்று, கூடுதலாக ஒன்று. இரண்டிலும் சிங்கிள் ஜெர்ஸி ஓட்டித் துவைத்துப் பார்த்தோம். முறுக்கு கூடின துணிதான் அதிகம் திரும்பியது. பக்கத்தில் வைத்துப் பார்த்த இன்டர்லாக் துணி அசையவே இல்லை. ஆனால் அதெல்லாம் காலேஜ் லேபில் சின்னச் சின்னத் துண்டு. காம்பாக்டிங் முடிந்து வரும் ரோல் பார்க்க நேராகத்தானே இருக்கும், துவைத்த பிறகுதானே குட்டு வெளிப்படும். அதை நீங்கள் இங்கே எந்தக் கட்டத்தில் பிடிக்கிறீர்கள், பிடித்தால் டையிங்குக்குத் திருப்பி அனுப்புவீர்களா, நூல்காரரிடம் பேசுவீர்களா? இதைத் தெரிந்துகொள்ளத்தான் முக்கியமாக வந்திருக்கிறேன்.

தெரிந்த வேலை என்றால், ஜிஎஸ்எம் கட்டரில் வட்டம் வெட்டி எடை பார்ப்பேன். 1.60 கிராம் வந்தால் 160 ஜிஎஸ்எம், அந்தக் கணக்கில் குழப்பமில்லை. ஷ்ரிங்கேஜுக்கு மார்க் போட்டுத் துவைத்து அளப்பேன். எக்ஸெலில் ரிப்போர்ட் போடத் தெரியும். துணியை விரித்து ரிலாக்ஸ் ஆக விடாமல் அவசரமாக வெட்டக்கூடாது என்பதும் தெரியும், அதனால் சாம்பிளைக் கொடுத்துவிட்டு உடனே ரிசல்ட் கேட்டால் கொஞ்சம் முழிப்பேன்.

ஷேடு பார்ப்பது இன்னும் வரவில்லை. லைட் பாக்ஸில் டி65-இல் ஒன்றாகத் தெரியும் இரண்டு துண்டு டிஎல்84-க்கு மாற்றியதும் வேறு வேறாகத் தெரிவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் கிரே ஸ்கேலை வைத்து இது நாலா, நாலரையா என்று கேட்டால் எனக்குக் கை நடுங்கும். ஷேடு பார்க்கும் அக்கா யார் என்று இன்னும் தெரியாது. யாராக இருந்தாலும், நீங்கள் பார்க்கும்போது பக்கத்தில் நின்றுகொள்கிறேன். முதலில் நான் ஒரு ரேட்டிங் எழுதிவைத்து, அப்புறம் நீங்கள் சொல்வதோடு ஒத்துப் பார்க்கிறேன். சரியா?

தையலும் சுமார்தான். வீட்டு மெஷினில் நேர்த்தையல் போடுவேன், ஃபிளாட்லாக்கைத் தொட்டதில்லை. லைனுக்கு வரும்போது கைமடிக்கச் சொன்னாலும் சந்தோஷமாகச் செய்வேன்.

காலையில் பஸ்ஸில் வருகிறேன், எட்டரைக்குள் லேபில் இருப்பேன். காலேஜுக்கு வாரா வாரம் ஒரு பக்க ரிப்போர்ட் அனுப்ப வேண்டும். அதில் பையர் பெயர், ஸ்டைல் நம்பர் எதுவும் வராது. இருந்தாலும் அனுப்பும் முன் சார் ஒரு தடவை பார்த்துவிட்டால் நல்லது. வெள்ளிக்கிழமை மதியம் டேபிளில் வைக்கட்டுமா சார்?

அப்புறம், இன்றைக்கு சிங்கிள் ஜெர்ஸி லாட் ஏதாவது வாஷ் டெஸ்டுக்கு வருகிறது என்றால் சொல்லுங்கள், மார்க் போடுவதிலிருந்து நானே செய்கிறேன். நன்றி.