தேயிலை பறிக்கும் பெண்களின் கழுத்து–தோள் வலிக்கான பயிற்சி ஆய்வு: முடிவுகள் பகுதியும் அட்டவணையும்

மதிப்பிற்குரிய மருத்துவர் அவர்களுக்கு,

கோத்தகிரித் தோட்டத்தில் நடந்த நமது ஆய்வின் கணிப்பொறி வெளியீடு பதினொரு பக்கங்களுக்கு வந்திருக்கிறது. அதிலிருந்து கட்டுரைக்குத் தேவையானதை எடுத்து, முடிவுகள் பகுதியாகவும் ஒரே அட்டவணையாகவும் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். முதன்மை விளைவுக்கான வெளியீடு இது:

```
> m <- lm(vali8 ~ vali0 + kuzhu, data = d)
            Estimate Std. Error t value Pr(>|t|)
(Intercept)   1.5994     1.0875   1.471  0.15050
vali0         0.6040     0.1792   3.371  0.00188 **
kuzhuP       -1.3177     0.5064  -2.602  0.01362 *
> confint(m)["kuzhuP", ]
  2.5 %  97.5 %
-2.3468 -0.2886
```

இதில் கட்டுரைக்குப் போக வேண்டியது `kuzhuP` என்ற வரிதான். தொடக்க வலி சமமாக இருக்கும் இருவரில், பயிற்சி பெற்றவருக்கு எட்டாம் வார வலி சராசரியாக எவ்வளவு குறைவு என்பதை அது சொல்கிறது. நட்சத்திரக் குறிகளையும் நான்கு தசம இலக்கங்களையும் விட்டுவிட்டேன். பத்துப் புள்ளி அளவுகோலில் ஒருவர் வாயால் சொன்ன வலிக்கு நான்கு இலக்கத் துல்லியம் கிடையாது.

முடிவுகள்

அணுகப்பட்ட 52 பேரில் 7 பேர் தகுதி வரையறைக்குள் வரவில்லை, 5 பேர் விரும்பவில்லை. எஞ்சிய 40 பெண்கள் குலுக்கல் முறையில் பயிற்சிக் குழுவுக்கும் வழக்கமான கவனிப்புக் குழுவுக்கும் இருபது இருபது பேராக ஒதுக்கப்பட்டனர். பயிற்சிக் குழுவில் ஒருவரும் (வேறு ஊருக்குக் குடிபெயர்ந்தவர்), ஒப்பீட்டுக் குழுவில் இருவரும் (ஒருவர் வேலையை விட்டவர், மற்றவர் அறுவை சிகிச்சைக்குச் சென்றவர்) எட்டாம் வார மதிப்பீட்டுக்கு வரவில்லை; எனவே முதன்மைப் பகுப்பாய்வில் 37 பேர் உள்ளனர். அவர்களின் சராசரித் தொடக்க வலி பயிற்சிக் குழுவில் 5.9 (திட்ட விலக்கம் 1.4), ஒப்பீட்டுக் குழுவில் 5.7 (1.5). எட்டாம் வாரத்தில் இவை முறையே 3.8 (1.7), 5.1 (1.8) ஆயின. தொடக்க வலிக்குச் சரிசெய்த பின், பயிற்சிக் குழுவின் வலி 1.3 புள்ளிகள் குறைவாக இருந்தது (95% நம்பக இடைவெளி 0.3 முதல் 2.3 வரை; p = 0.014). வராத மூவரின் வலி மாறவே இல்லை எனக் கொண்டு 40 பேரையும் சேர்த்துக் கணக்கிட்டபோதும் மதிப்பீடு பெரிதாக நகரவில்லை (1.3 புள்ளிகள், 0.3 முதல் 2.3 வரை). வலி இரண்டு புள்ளிகளோ அதற்கு மேலோ குறைந்தவர்கள் பயிற்சிக் குழுவில் 20 பேரில் 11 பேர், ஒப்பீட்டுக் குழுவில் 20 பேரில் 5 பேர். இந்த வேறுபாடு 30 சதவீதப் புள்ளிகள் என்றாலும், அதன் இடைவெளி வேறுபாடே இல்லை என்ற நிலையிலிருந்து 54 சதவீதப் புள்ளிகள் வரை விரிந்திருப்பதால், இதன் அளவைப் பற்றி உறுதியாக எதுவும் சொல்ல இயலாது. நாளொன்றுக்குப் பறித்த பச்சை இலையின் எடையில் வேறுபாடு இருப்பதாகவோ இல்லை என்பதாகவோ இத்தரவு காட்டவில்லை. பயிற்சிக் குழுவில் மூவருக்கு முதல் இரண்டு வாரங்களில் தசை வலி ஏற்பட்டுத் தானே சரியாயிற்று (15%, 3% முதல் 38% வரை), ஒப்பீட்டுக் குழுவில் அப்படி யாரும் தெரிவிக்கவில்லை.

அட்டவணை 1. எட்டாம் வார விளைவுகள்

| விளைவு | பயிற்சி | ஒப்பீடு | விளைவளவு (95% நம்பக இடைவெளி) | p |
|---|---|---|---|---|
| வலி, 0–10, சராசரி (தி.வி.) | 3.8 (1.7), 19 பேர் | 5.1 (1.8), 18 பேர் | சரிசெய்த வேறுபாடு −1.3 (−2.3, −0.3) | 0.014 |
| அதே வலி, அலகற்ற அளவில் | – | – | ஹெட்ஜஸ் g −0.68 (−1.33, −0.03) | – |
| 2 புள்ளி அல்லது மேல் குறைந்தவர்கள் | 11/20 | 5/20 | ஆபத்து விகிதம் 2.20 (0.93, 5.18) | 0.11 |
| அதே, சதவீதப் புள்ளிகளில் | 55% | 25% | வேறுபாடு 30 (−0.2, 53.6) | – |
| பச்சை இலை, கிலோ/நாள், சராசரி (தி.வி.) | 28.3 (5.6), 19 பேர் | 26.9 (5.3), 18 பேர் | சரிசெய்த வேறுபாடு 1.1 (−1.9, 4.1) | 0.46 |

*குறிப்பு: தி.வி. – திட்ட விலக்கம். வலி, இலை ஆகியவற்றின் வேறுபாடுகள் அவற்றின் தொடக்க அளவுக்குச் சரிசெய்யப்பட்டவை. எதிர்க்குறி, பயிற்சிக் குழுவில் குறைவு என்பதைக் காட்டும். ஹெட்ஜஸ் g, சரிசெய்யாத எட்டாம் வாரச் சராசரிகளிலிருந்து கணக்கிடப்பட்டது. மூன்றாம், நான்காம் வரிகளில் வராத மூவரும் குறையாதவர்களாகக் கொள்ளப்பட்டனர். அங்குள்ள p மதிப்பு ஃபிஷர் துல்லியச் சோதனையின் வழி வந்தது. சதவீத வேறுபாட்டின் இடைவெளி நியூகோம்ப் முறைப்படி கணக்கிடப்பட்டது.*

தங்கள் வரைவில் இருந்த ஒரு வாக்கியத்தை நீக்கியிருக்கிறேன்; அதற்கான காரணத்தைச் சொல்ல வேண்டும். "பயிற்சிக் குழுவில் வலி குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது (p < 0.001), ஒப்பீட்டுக் குழுவில் குறையவில்லை (p = 0.11)" என்று எழுதியிருந்தீர்கள். மென்பொருள் ஒவ்வொரு குழுவுக்கும் தனித்தனியாகச் சோதனை நடத்தித் தந்த எண்கள் அவை. எண்களில் பிழை இல்லை. ஆனால் ஒரு குழுவில் வரம்பைத் தாண்டியதும் இன்னொன்றில் தாண்டாததும் இரண்டுக்கும் இடையே வேறுபாடு இருப்பதற்குச் சான்றாகாது. தொடக்க மதிப்பீட்டை ஜனவரிக் கடைசியில், உறைபனிக் காலையில் எடுத்தோம். இறுதி மதிப்பீட்டை வெயில் ஏறிய மார்ச்சுக் கடைசியில் எடுத்தோம். குளிர் விட்டதாலேயே தோள் இளகியிருக்கலாம். வலி அதிகமாக இருந்த நாளில் சேர்ந்தவர்களுக்கு, பயிற்சி இருந்தாலும் இல்லாவிட்டாலும், பிறகு எடுக்கும் அளவு சராசரியை நோக்கித் திரும்பும். இவை இரண்டு குழுக்களுக்கும் பொது என்பதால்தான் ஒப்பீட்டுக் குழுவே வைத்தோம். குழுக்களுக்கிடையேயான வேறுபாட்டை மட்டுமே சொல்வது அதன் பயனை முழுதாக எடுத்துக்கொள்வதாகும். பச்சை இலைக்கும் இதே நியாயம்: மார்ச்சில் கொழுந்து கூடியதும் எல்லோருடைய எடையும் ஏறியது.

ஹெட்ஜஸ் g-யின் இடைவெளி பூஜ்யத்தை ஒட்டி நிற்க, சரிசெய்த வேறுபாட்டின் இடைவெளி சற்று விலகி நிற்பதைக் கண்டு மதிப்பாய்வாளர் கேட்கக்கூடும். இரண்டும் ஒரே தரவின் இரண்டு கணக்குகள். சரிசெய்தல், தொடக்க வலி விளக்கும் சிதறலைக் கழித்துவிடுகிறது. போதாததற்குப் பயிற்சிக் குழு தொடக்கத்தில் சற்று அதிக வலியுடன் வந்ததையும் கணக்கில் எடுக்கிறது. சரிசெய்யாத வேறுபாடு, சராசரிகளை ஒரு தசமத்துக்குச் சுருக்கும் முன் கணக்கிட்டால், −1.2; அதன் p மதிப்பு 0.042. நமது நெறிமுறையில் முன்கூட்டியே எழுதி வைத்தது சரிசெய்த கணக்கு என்பதால் அதுவே முதன்மை; g-யைப் பிற ஆய்வுகளோடு ஒப்பிட விரும்புவோருக்காக மட்டும் வைத்திருக்கிறேன். வேண்டாம் எனில் அந்த வரியை நீக்கலாம், எனக்கு வருத்தமில்லை.

"மருத்துவ ரீதியாக முக்கியமான முன்னேற்றம்" என்ற தொடரையும் தவிர்த்தேன். இரண்டு புள்ளிகள் என்ற வரம்பு ஒரு தனி மனிதரின் வலி மாற்றத்துக்கானது. இரண்டு குழுக்களின் சராசரி வேறுபாட்டை அதனோடு நேராக வைத்துப் பார்ப்பது பொருந்தாது. பொருந்தும் என்று கொண்டாலும், நமது இடைவெளி 0.3-இல் தொடங்கி 2.3-இல் முடிகிறது: அற்ப நன்மையும் அதற்குள் இருக்கிறது, பெரிய நன்மையும் இருக்கிறது. நாற்பது பேரை வைத்து இதற்கு மேல் குறுக்க முடியாது. ஆகவே சுருக்கவுரையிலும் வேறுபாட்டையும் இடைவெளியையும் ஒன்றாகவே தாருங்கள். P மதிப்பை மட்டும் தனியே வைக்க வேண்டாம்.

தசை வலி வந்த மூவரின் செய்தியை அட்டவணையில் சேர்க்காமல் பத்தியிலேயே விட்டிருக்கிறேன், சோதனையும் செய்யவில்லை. ஒப்பீட்டுக் குழுவினரிடம் அந்தக் கேள்வியைக் கேட்கும் படிவம் இரண்டாம் வாரத்துக்குப் பிறகே தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தது. இந்தக் குறையைக் கட்டுரையின் வரம்புகள் பகுதியில் தாங்களே ஒரு வரியில் எழுதிவிடுவது நல்லது.