மேல் வீட்டு நெட் விவரம், புதிதாகக் குடிவரும் தங்கச்சிக்கு

தங்கச்சி,

போனில் இரண்டு தடவை பேசினோம், ஆனால் இந்த நெட் விஷயம் போனில் சொல்லி முடிகிறது இல்லை, அதனால் உட்கார்ந்து எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டிவிட்டுப் போகிறேன். நீ பிளெசான்ஸில் இறங்கி காத்ர் போர்ன் வந்து சேரவே ராத்திரி ஆகிவிடும், ஊரில் அதற்குள் ஒன்றரை மணி நேரம் கூடுதலாக ஓடியிருக்கும், உங்கள் அம்மா தூங்காமல் போனைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அதனால் முதலில் இது:

```
Wi-Fi:    Melveedu
Password: kaapi-aarumani-27
```

இதைப் போட்டு அம்மாவுக்கு முகத்தைக் காட்டிவிடு. மற்றதைக் காலையில் படித்தால் போதும்.

வீட்டில் இரண்டு பெட்டி இருக்கிறது. ஒன்று முன் ஹாலில் டிவிக்குப் பின்னால், சுவரில் திருகு போட்டு மாட்டிய வெள்ளைப் பெட்டி. அது மொரீஷியஸ் டெலிகாம்காரர்கள் வைத்த ஃபைபர் பெட்டி. இன்னொன்று நடையில், சமையல்கட்டு வாசலுக்கு எதிரே செருப்பு அலமாரி மேல் நிற்கிற கறுப்பு டிபி-லிங்க், அது நான் ஊரிலிருந்து கொண்டுவந்தது. இனி உனக்குத்தான், காசு எதுவும் வேண்டாம். இரண்டுக்கும் நடுவில் பதினைந்து மீட்டர் சாம்பல் நிற நெட்வொர்க் கேபிள் சுவரோரமாகக் கதவுச் சட்டத்தின் மேல் ஏறி இறங்கிப் போகிறது. பார்க்க அவ்வளவு நன்றாக இருக்காது. ஆனாலும் தயவுசெய்து கழற்றாதே, ஏன் என்று சொல்கிறேன்.

இந்த ஊரில் வீடு எல்லாம் கான்கிரீட். 1960-ல் அலிக்ஸ், கேரல் என்று ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு புயல் அடித்து மரவீடும் தகரவீடும் போனதற்கு அப்புறம் இங்கே ஜனங்கள் கூரையைக்கூடக் கான்கிரீட்டில்தான் போடுகிறார்கள். புயலுக்கு நல்லதுதான், வைஃபைக்குத்தான் எமன். நான் வந்த புதிதில் ஹாலில் இருக்கிற வெள்ளைப் பெட்டி மட்டும்தான் இருந்தது. ஹாலில் ஸ்பீட் 45 காட்டும், படுக்கை அறைக்குப் போனால் 3, சமையல்கட்டில் சில நாள் ஒன்றுமே வராது. ஏழெட்டு மாதம் பால்கனிக் கதவுப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துதான் வீட்டுக்குப் பேசினேன், மழை வந்தால் ஸ்டூலோடு உள்ளே நகர்வேன். பிறகு கறுப்புப் பெட்டியை எங்கே வைக்கலாம் என்று ஒரு சனிக்கிழமை முழுக்க நீளக் கேபிளைப் பிடித்துக்கொண்டு வீடு முழுக்க நடந்து பார்த்தேன். அந்தச் செருப்பு அலமாரி மேல் ஒரே இடத்தில்தான் மூன்று அறைக் கதவும் நேராகத் தெரிகிறது. சுவரைத் துளைத்துப் போக வேண்டிய சிக்னல் கதவு வழியாகவே போய்விடுகிறது, அவ்வளவுதான் சங்கதி. இப்போது படுக்கை அறையில் கதவு திறந்திருந்தால் 30, சாத்தினால் 18 கிடைக்கிறது. அலமாரி மேல் ஃப்ரேம் போட்ட படமோ ஸ்டீல் டப்பாவோ கொண்டுவந்து வைக்காதே. நான் ஒரு முறை பெரிய எவர்சில்வர் தூக்கை வைத்துவிட்டு இரண்டு நாள் காரணம் தெரியாமல் தவித்தேன்.

கறுப்புப் பெட்டியின் செட்டிங்ஸ் பார்க்க வேண்டுமென்றால், மேலே சொன்ன வைஃபையில் இருந்துகொண்டு பிரவுசரில் இதை அடி:

```
http://tplinkwifi.net
Password: Malai-Vaasal-1968
```

இந்த இரண்டு பாஸ்வேர்டையும் வந்த வாரத்திலேயே மாற்றிவிடு. உன்னை நம்பாமல் இல்லை, ஃப்ரிட்ஜில் ஒட்டிய காகிதத்தை யார் யார் பார்ப்பார்களோ. அது ஆக்சஸ் பாயின்ட் என்ற முறையில் ஓடுகிறது, அந்த ஒன்றை மட்டும் ரூட்டர் முறைக்கு மாற்றாதே, மாற்றினால் வெள்ளைப் பெட்டியும் இதுவும் ஆளுக்கொரு நெட்வொர்க்காகப் பிரிந்து நின்று டிவியும் போனும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாது.

வெள்ளைப் பெட்டியின் லாகின் `192.168.100.1`. பயனர் பெயரும் பாஸ்வேர்டும் அதன் அடியில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் அச்சடித்தபடியே இருக்கிறது, நான் எதையும் மாற்றவில்லை. எழுத்து பொடிப்பொடியாக மங்கிக்கொண்டு வருகிறது, இப்போதே ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள். அதன் பின்பக்கம் குண்டூசி நுழைகிற அளவுக்கு ஒரு ரீசெட் ஓட்டை இருக்கும், அதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் குத்தாதே. கம்பெனி உள்ளே ஏற்றி வைத்த விவரம் அழிந்துபோனால் அவர்களே திரும்ப ஏற்றித் தரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். கறுப்புப் பெட்டி பரவாயில்லை, அதை அழித்தாலும் அரை மணி நேரத்தில் நீயே போட்டுவிடலாம்.

வெள்ளைப் பெட்டியின் வைஃபை பெயர் வேறு. அதை நீ பயன்படுத்த வேண்டாம், ஆனால் அணைத்துவிடாதே. கீழ் வீட்டு அம்மாவின் பேரன் அதில்தான் படிக்கிறான், பால்கனி வழியாகக் கீழே முன் அறைவரைக்கும் எட்டுகிறது. லைன் அந்த அம்மா பெயரில் இருக்கிறது, பில்லை முழுக்க நாம் கட்டுகிறோம், அதற்காகப் பையனை நிறுத்த மனசு வரவில்லை. காவடித் திருநாளுக்கு ஒரு வாளி நிறையச் சோறும் ஏழு காய்கறியும் மேலே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறவர். உனக்குச் சம்மதமில்லை என்றால் அவரிடம் நேரில் சொல்லிவிடு, சத்தமில்லாமல் அணைத்தால் வருத்தப்படுவார்.

இனி முக்கியமான ஒன்று. டிவிக்குப் பின்னால் சுவர் ஓட்டையிலிருந்து பால்பாயின்ட் பேனா ரீஃபில் கனத்தில் ஒரு வெள்ளை வயர் வந்து, பச்சை முனையோடு பெட்டியின் அடியில் நுழையும். அதுதான் ஃபைபர். உள்ளே இருப்பது கண்ணாடி இழை, செம்புக் கம்பி கிடையாது. மடித்தால் போச்சு. போன வருஷம் ஹாலுக்குப் பெயின்ட் அடிக்க வந்தவர் டிவி மேஜையைச் சுவரோடு தள்ளி வைத்துவிட்டுப் போய்விட்டார், நானும் கவனிக்கவில்லை. சாயங்காலம் பார்த்தால் LOS என்று எழுதிய விளக்கு சிவப்பாக மினுக்கு மினுக்கு என்கிறது. மறுநாள் தஞ்சாவூரில் அப்பாவுக்கு ஆபரேஷன். மொபைல் டேட்டாவை வைத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்து, விட்டு விட்டு வருகிற அண்ணன் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தேன், "நல்லபடியா" என்ற ஒரு வார்த்தை மட்டும் முழுசாக வந்து விழுந்தது. லைன் சரியாக நாலு நாள் ஆயிற்று. அதனால்தான் மேஜைக்கும் சுவருக்கும் நடுவில் இரண்டு செங்கல் வைத்திருக்கிறேன். பெருக்கும்போது எடுத்தால் திரும்ப அங்கேயே வைத்துவிடு.

நெட் நின்றால் முதலில் விளக்கைப் பார். PON பச்சையாக நிலையாக எரிய வேண்டும், LOS எரியவே கூடாது. LOS சிவப்பு என்றால் லைனே வரவில்லை, பெட்டியை எத்தனை தடவை அணைத்துப் போட்டாலும் பிரயோஜனமில்லை, நேரே போன் போடு. PON பச்சையாக இருந்தும் நெட் இல்லையென்றால் வெள்ளைப் பெட்டியை அணைத்து முப்பது எண்ணிவிட்டுப் போடு, PON நிலைக்கு வந்ததும் கறுப்பை அணைத்துப் போடு. பெரும்பாலும் சரியாகிவிடும். தீவு முழுக்கவே எல்லாருக்கும் மெதுவாக இருக்கிற நாளும் உண்டு. இங்கிருந்து வெளியே போகிறதெல்லாம் கடலடிக் கேபிளில்தான், சேஃப் என்கிற கேபிள் ஒரு பக்கம் ரீயூனியன், தென்னாப்பிரிக்கா, இன்னொரு பக்கம் கொச்சி, பினாங்கு என்று போகிறது. கடலுக்கடியில் ஏதாவது ஆனால் நம் ஹாலில் செய்வதற்கு ஒன்றுமில்லை, அதனால் கீழ் வீட்டிலும் ஆபீஸிலும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அப்புறம் பெட்டியில் கை வை.

கம்பெனி நம்பர் 8900, மை.டி சேவைக்கு உள்ளூர் போனிலிருந்து அப்படியே அடிக்கலாம். இங்கிலீஷில் பேசலாம், பயப்படாதே. கணக்கு எண் கேட்பார்கள், அது பில்லில் இருக்கிறது. கடைசி மூன்று பில்லும் செருப்பு அலமாரிக் கதவின் உள்பக்கம் கிளிப் போட்டு மாட்டியிருக்கிறேன். பெயர் கேட்டால் கீழ் வீட்டு அம்மா பெயரைச் சொல்ல வேண்டும், சில சமயம் அவரே பேச வேண்டும் என்பார்கள், அதனால் போனை எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டே கூப்பிடு. அவருக்குத் தமிழ் கோயில் பாட்டோடு சரி, பேச்செல்லாம் கிரியோல். "இன்டர்நெட் பா பெ மார்ஷே" என்றால் நெட் ஓடவில்லை என்று அர்த்தம், அந்த ஒரு வாக்கியம் போதும், மீதியை அவர் பார்த்துக்கொள்வார்.

பில் மாதாமாதம் கீழே வரும், அவரே மேலே கொண்டுவந்து தருவார். நான் எம்.சி.பி.யின் ஜூஸ் ஆப்பில் கட்டுவேன். உனக்கு பேங்க் கணக்குத் திறக்கிறவரை அவர் கையிலேயே காசாகக் கொடுத்துவிடு. இந்த மாதம் வரை நான் கட்டியாயிற்று.

கரண்ட் விஷயம். இங்கே பிளக் எல்லாம் இங்கிலாந்து மாதிரி மூன்று சதுரக் கால். கறுப்புப் பெட்டியின் அடாப்டர் நம் ஊர் உருண்டைப் பின், அதனால் நடுவில் ஒரு மாற்று பிளக் போட்டிருக்கிறேன், அயர்ன் பாக்ஸுக்கு வேண்டும் என்று அதை உருவிவிடாதே, அது அவ்வளவு சுமை தாங்காது. வெள்ளைப் பெட்டிக்குப் பக்கத்தில் செங்கல் மாதிரி இருப்பது மினி யு.பி.எஸ். 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்து போர்ட் லூயியில் தண்ணீர் புரண்டு கார்களை எல்லாம் அடித்துக்கொண்டு போன அன்றைக்கு நம் தெருவில் கரண்ட் இல்லை, அதற்குப் பிறகுதான் வாங்கினேன். கரண்ட் போனால் வெள்ளைப் பெட்டி மட்டும் மூன்று மணி நேரம் ஓடும், அப்போது ஹாலில் உட்கார்ந்து அந்த வைஃபையைப் பிடித்துக்கொள். நவம்பரிலிருந்து புயல் காலம். இரண்டாம் எச்சரிக்கை வந்ததும் போன், லேப்டாப், யு.பி.எஸ். எல்லாம் முழுக்க சார்ஜ் பண்ணிக்கொள். மூன்றாவது வந்தால் இரண்டு அடாப்டரையும் சுவரிலிருந்து உருவிவிடு, கரண்ட் போய் வருகிற வேகத்தில்தான் பெட்டி கருகுகிறது. பால்கனிக் கதவின் அடியில் தண்ணீர் உள்ளே வரும், அதனால் தரையில் கிடக்கிற எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தூக்கி மேஜை மேல் வைத்துவிடு.

அலமாரியின் கீழ்த் தட்டில் பிஸ்கட் டின்னுக்குள் உபரியாக ஒரு சின்னக் கேபிளும், யு.பி.எஸ். ரசீதும், கறுப்புப் பெட்டியின் அட்டைக் குறிப்பும் இருக்கிறது. பழைய ஸ்டூல் பால்கனியில்தான் கிடக்கிறது.

அக்கா