பொருள்: கன்டென்ட் மார்க்கெட்டிங் பணிக்கு விண்ணப்பம் – கலைவாணி, சேலம் (நாளிதழ் செய்தியாளர், 11 ஆண்டுகள்)

மதிப்பிற்குரிய மேடம்,

வணக்கம். உங்கள் ஐந்து ரோடு அலுவலகத்தில் கன்டென்ட் பிரிவுக்கு ஆள் எடுப்பதாக அறிந்து எழுதுகிறேன். ஒரு தமிழ் நாளிதழின் சேலம் பதிப்பில் 11 ஆண்டுகளாகச் செய்தியாளராக இருக்கிறேன்.

விண்ணப்பத்தைத் தட்டச்சு செய்வதற்கு முன் உங்கள் ஏற்காடு காபித் தூள் பாக்கெட் ஒன்றை வாங்கினேன். இணையதளத்தில் அதற்குக் கீழே வாடிக்கையாளர்கள் எழுதிய கருத்துகளையும் ஒன்றுவிடாமல் படித்தேன். பழக்கதோஷம்தான். மணத்தைப் பற்றியோ விலையைப் பற்றியோ பெரிய குறை இல்லை. திரும்பத் திரும்ப வந்த கேள்வி ஒன்றே ஒன்று: "இதில் சிக்கரி எவ்வளவு?" பாக்கெட்டின் பின்பக்கம் 80:20 என்று அச்சாகியிருக்கிறது; அதைப் போட்டே ஆகவேண்டும் என்பது சட்டம். இணையப் பக்கத்தில் மட்டும் அது இல்லை. அங்கே 'மலையின் மணம் உங்கள் கோப்பையில்' என்ற வரி இருக்கிறது. என்னிடம் விட்டால் அந்த இடத்தில் இப்படி எழுதுவேன்: "80 பங்கு காபி, 20 பங்கு சிக்கரி. டிகாக்‌ஷன் கெட்டியாக இறங்கும். சிக்கரியே வேண்டாம் என்பவர்களுக்கு அடுத்த பாக்கெட்." வாங்க வந்தவர் சந்தேகத்தோடு திரும்பிப் போகாமல் இருந்தால் அதுதானே கன்வர்ஷன்?

நியூஸ் ரூமில் செய்த பல வேலைகளுக்கு உங்கள் துறையில் வேறு பெயர் இருப்பது சமீபத்தில்தான் எனக்குத் தெரிந்தது. 2024 ஜூலை இறுதியில் மேட்டூர் அணை 120 அடியைத் தொட்டபோது ஒரே செய்தியை மூன்று விதமாக எழுதினேன். காவிரிக் கரையில் இருப்பவர்களுக்கு வாட்ஸ்அப்பில் போன இரண்டு வரியில் முதல் சொல்லே 'ஆற்றில் இறங்காதீர்கள்'. டெல்டா விவசாயிக்கு எவ்வளவு தண்ணீர் திறக்கிறார்கள் என்பது முதல் வரி. மறுநாள் அச்சில், வேடிக்கை பார்க்க வந்த கூட்டமும் படமும். யாருக்கு எது முதலில் வேண்டும் என்று பிரித்துக்கொண்டோம், அவ்வளவுதான். அதை ஆடியன்ஸ் செக்மென்டேஷன் என்கிறார்கள். அதேபோல, தாலுகா நிருபர்கள் ஆறு பேரிடமிருந்து தினமும் செய்தி வாங்கி, சரிபார்த்து, நேரத்துக்குப் பக்கத்தில் ஏற்றியதை ஃப்ரீலான்சர்களைக் கையாள்வது, கன்டென்ட் காலண்டர் நடத்துவது என்று எடுத்துக்கொள்ளலாம். பொங்கல் மலருக்கு ஐப்பசியிலேயே பட்டியல் போட்டவள் நான்.

ஆனால் உங்களுக்கு அதிகம் பயன்படப்போவது வேறொன்று என்று நினைக்கிறேன். ஒரு டிசம்பரில் நாகலூர் பக்கம் காபிப் பழம் பறிக்கும் பெண்களைச் சந்திக்கப் போயிருந்தேன். நோட்டை நீட்டிக் கேட்டபோது "நல்லாத்தான் போகுது கண்ணு" என்பதற்கு மேல் யாரும் பேசவில்லை. நோட்டைப் பையில் போட்டுவிட்டு ஒரு அக்காவோடு கூடையைப் பிடித்தேன். பாதிப் பச்சையாக இருந்த ஒரு பழத்தைக் கிள்ளியதும் கையைத் தட்டிவிட்டார். "இது அடுத்த சுத்துக்கு." ஒரே செடியில் எல்லாப் பழமும் ஒன்றாகப் பழுக்காது, சிவந்ததை மட்டும் எடுக்க அதே செடிக்கு மூன்று நான்கு முறை திரும்பி வருகிறார்கள். உங்கள் பக்கத்தில் 'கையால் பறித்தது' என்று இரண்டே சொல்லில் இருப்பது இதுதான். உங்கள் காபி ஏன் அந்த விலை என்று கேட்பவருக்கு அந்த அக்கா என் கையைத் தட்டிவிட்ட கதையே போதும்.

எனக்குத் தெரியாததையும் சொல்லிவிடுகிறேன். கூகுள், ஃபேஸ்புக்கில் பணம் கட்டி விளம்பரம் ஓட்டியதில்லை. எஸ்.இ.ஓ. அடிப்படை தெரியும், எங்கள் இணையப் பதிப்புக்குத் தலைப்பு வைத்த அனுபவத்தில் கற்றது. அனலிடிக்ஸ் இரண்டு மாதமாகப் படித்துவருகிறேன், இன்னும் கைவரவில்லை. இன்னொன்று: நிரூபிக்க முடியாததை எழுத எனக்குக் கை வராது. 'தமிழ்நாட்டின் நம்பர் 1' என்று போடச் சொன்னால், எந்தக் கணக்குப்படி என்று கேட்பேன். சில சமயம் இது எரிச்சலாக இருக்கலாம்.

ஏன் பத்திரிகையை விடுகிறேன் என்று நேரில் கேட்பீர்கள். சண்டை எதுவும் இல்லை. ஒரு விஷயத்தின் பின்னாலேயே ஆறு மாதம் போய் எழுதும் வாய்ப்பு தினசரியில் கிடைப்பதில்லை. உங்கள் காபி பூ விடுவதிலிருந்து வறுபடும் வரை ஒரு வருடக் கதை. அதை முழுதாக எழுத ஆசை.

சுயவிவரமும் மூன்று கட்டுரைகளும் இணைத்திருக்கிறேன். உங்கள் காபித் தூள் பக்கத்தை நான் மாற்றி எழுதிய மாதிரியும் அதோடு இருக்கிறது, பிடிக்காவிட்டாலும் வைத்துக்கொள்ளுங்கள். இப்போதைய வேலையில் ஒரு மாத நோட்டீஸ் தரவேண்டும். செவ்வாய்க்கிழமை எனக்கு வார விடுமுறை. மற்ற நாட்களில் காலை 11 மணிக்குள் என்றால் வர முடியும்.

நன்றி.

இப்படிக்கு,
கலைவாணி
அஸ்தம்பட்டி, சேலம்