முதல் ஆலோசனைக்கு முன் என் உடல்நல விவரங்கள்

வணக்கம் மேடம்,

சனிக்கிழமை காலை 10:30 மணிக்கு உங்களிடம் முதல் உணவு ஆலோசனைக்குப் பதிவு செய்திருக்கிறேன். விவரங்களை முன்கூட்டியே அனுப்பச் சொன்னீர்கள். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், ஆனால் நேரில் வந்து இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தால் நீங்கள் பேச நேரமே மிஞ்சாது. ரத்தப் பரிசோதனை அறிக்கையின் படங்களையும் சேர்த்து அனுப்புகிறேன்.

முதலில் ஒவ்வாமை, ஏனென்றால் இதில் விளையாட முடியாது. எனக்கு வேர்க்கடலை சுத்தமாக ஆகாது. கல்லூரியில் படிக்கும்போது ஒரு இனிப்பைக் கடித்த கொஞ்ச நேரத்தில் உதடு தடித்து, தொண்டை அடைத்து, மூச்சு இழுக்க ஆரம்பித்து, அவசரப் பிரிவில் ஊசி போட்டுத்தான் சரியானது. அதிலிருந்து அட்ரினலின் ஊசி எப்போதும் கைப்பையில் இருக்கும். வேர்க்கடலை வெண்ணெய், செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய், கடலை கலந்திருக்கலாம் என்று உறையில் போட்டிருக்கும் புரதப் பொடி, எதுவும் வேண்டாம். முன்பு ஒருவர் கொடுத்த உணவுத் திட்டத்தில், நான் தெளிவாகச் சொல்லியும், மாலைச் சிற்றுண்டி என்ற இடத்தில் ஒரு கைப்பிடி வேர்க்கடலை என்று அச்சடித்தே வந்தது. எல்லோருக்கும் ஒரே தாளைக் கொடுக்கிறார்கள் என்று அன்றைக்குப் புரிந்தது. பாதாம், முந்திரி, எள் மூன்றும் சாப்பிடுகிறேன், பிரச்சினை இல்லை. இறால், நண்டு சாப்பிட்டால் உடம்பெல்லாம் தடிப்பு வரும், மூச்சுத் திணறல் வந்ததில்லை. மற்ற மீன்கள் பரவாயில்லை.

பால் விஷயம் வேறு. அது ஒவ்வாமை இல்லை, செரிக்காது, அவ்வளவுதான். ஒரு டம்ளர் பால் குடித்தால் வயிறு உப்பி வலிக்கும். தேநீரில் விடுகிற கொஞ்சம் பாலும் தயிரும் ஒத்துக்கொள்கின்றன.

வயது 38, உயரம் 158 செ.மீ., எடை 74 கிலோ, இடுப்புச் சுற்றளவு 94 செ.மீ. கடைசியாகப் பார்த்தபோது ரத்த அழுத்தம் 128/84. அம்மாவுக்கும் அம்மாவின் அக்காவுக்கும் சர்க்கரை நோய். எனக்குத் தைராய்டு குறைபாடு உண்டு, லெவோதைராக்சின் 75 மைக்ரோகிராம் எடுக்கிறேன். இப்போது மருத்துவர் இரும்புச்சத்து மாத்திரையும் எழுதியிருக்கிறார். அதைப் போட ஆரம்பித்ததிலிருந்து மலச்சிக்கல், அதற்கும் உணவில் ஏதாவது வழி இருந்தால் சொல்லுங்கள்.

ரத்தப் பரிசோதனை சென்ற மாதம் செய்தது. வெறும் வயிற்றுச் சர்க்கரை 112, எச்பிஏ1சி 6.1. சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை என்று மருத்துவர் சொன்னார். மொத்தக் கொழுப்பு 212, எல்டிஎல் 131, எச்டிஎல் 38, டிரைகிளிசரைடு 214. ஹீமோகுளோபின் 10.9, ஃபெரிட்டின் 9, பி12 210, வைட்டமின் டி 14. டிஎஸ்எச் 4.8. ஈரல் நொதிகளில் எஸ்ஜிபிடி 48, சற்றுக் கூடுதல் என்றார். கிரியாட்டினின் 0.7, சிறுநீரகத்தில் பிரச்சினை இல்லை.

இதில் இரண்டு விஷயம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ரத்தம் எடுத்தது இரவு ஷிஃப்ட் முடிந்து நேராகப் போன காலையில், முந்தைய இரவு முழுக்கத் தூக்கம் இல்லை, சாப்பிட்டு 10 மணி நேரம் ஆகியிருந்தது. தூங்காத உடம்பில் எடுத்த வெறும் வயிற்றுச் சர்க்கரையை எவ்வளவு நம்பலாம்? அப்புறம், இரும்புச்சத்துக் குறைவான ரத்தசோகை இருந்தால் எச்பிஏ1சி கொஞ்சம் கூடுதலாகக் காட்டலாம் என்று மருத்துவரே சொன்னார், இரும்பு ஏறிய பிறகு மூன்று மாதத்தில் மறுபடி பார்க்கலாம் என்றார். ஆனால் அதுவரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார எனக்கு விருப்பமில்லை. ரத்தசோகைக்குக் காரணம் மாதவிடாயில் அதிக ரத்தப்போக்கு, அதற்கு மகப்பேறு மருத்துவரிடம் தனியாகப் போய்க்கொண்டிருக்கிறேன்.

இனி என் நாள் எப்படிப் போகிறது என்று சொல்கிறேன், உண்மையில் சிக்கல் முழுக்க இங்கேதான். தொழிற்சாலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. ஒரு வாரம் காலை 6 முதல் 2 வரை, அடுத்த வாரம் இரவு 10 முதல் காலை 6 வரை, இப்படி மாறி மாறி. காலை ஷிஃப்ட் வாரத்தில் எனக்குப் பெரிய குறை இல்லை. எழுந்ததும் தைராய்டு மாத்திரை, ஒரு மணி நேரம் கழித்துத் தேநீர், 8 மணிக்கு இடைவேளையில் கையோடு கொண்டுபோன டிபன், 3 மணிக்கு வீட்டில் சோறு, காய், பருப்பு, வாரத்தில் சில நாள் மீனோ முட்டையோ. மாலையில் அரை மணி நேரம் நடப்பேன். இரவு 8 மணிக்குச் சாப்பிட்டு 9:30க்குப் படுத்துவிடுவேன்.

இரவு வாரம் வந்தால் எல்லாம் குலைந்துபோகிறது. 9 மணிக்குச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் 1 மணிவரை ஓடுகிறது. 3 மணி வாக்கில் கை லேசாக நடுங்கி, கண் சொருகி, ஏதாவது இனிப்பாகச் சாப்பிட்டே ஆகவேண்டும் போல இருக்கும். கேண்டீனில் அந்த நேரத்தில் கிடைப்பது பிஸ்கட், பன், சர்க்கரை தூக்கலான தேநீர் மட்டும்தான். ஒரு பாக்கெட் பிஸ்கட்டும் இரண்டு தேநீரும் உள்ளே போய்விடும். காலை 7 மணிக்கு வீட்டுக்கு வந்ததும் பசி தாங்காமல் ஒரு முழுச் சாப்பாடு சாப்பிட்டு அப்படியே படுக்கிறேன், 2 மணிக்கு எழுகிறேன். தைராய்டு மாத்திரையை அப்போதுதான் போடுகிறேன். இரும்பு மாத்திரை அதிலிருந்து 4 மணி நேரம் தள்ளி இருக்க வேண்டும், தேநீரோடும் போடக் கூடாது என்கிறார்கள், அப்படிப் பார்த்தால் இரவு வாரத்தில் அதை எந்த நேரத்தில் வைப்பது என்று எனக்கு விளங்கவில்லை. இதை நீங்களும் மருத்துவரும் சேர்ந்து ஒரு நேரம் சொன்னால் பெரிய உதவி.

என் குறிக்கோள் எடை மட்டும் இல்லை. முன்பு சோற்றை அடியோடு நிறுத்தச் சொன்ன திட்டத்தில் 6 கிலோ குறைந்தேன், முடியும் கொட்டியது, எப்போதும் எரிச்சலாக இருந்தேன், சில மாதத்தில் எடை அத்தனையும் திரும்பி வந்துவிட்டது. அதுபோல வேண்டாம். சர்க்கரை நோய் வராமல் தள்ளிப் போட வேண்டும், டிரைகிளிசரைடு இறங்க வேண்டும், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதும் மத்தியானச் சோர்வும் போக வேண்டும். எடை மெதுவாக 5 கிலோ குறைந்தால் போதும், ஒரு வருடம் ஆனாலும் சரி.

ஆகவே இரவு வாரத்துக்கென்று தனியாக ஒரு திட்டம் கொடுங்கள், அதுதான் உங்களிடம் நான் முக்கியமாகக் கேட்பது. 3 மணிப் பசிக்கு டப்பாவில் எடுத்துப்போகிற மாதிரி, சூடு பண்ண வேண்டாத ஏதாவது. எங்கள் பிரிவில் மைக்ரோவேவ் கிடையாது, குளிர்பெட்டி உண்டு. வீடு திரும்பியதும் சாப்பிட்டுத் தூங்குவதா, லேசாக ஏதாவது எடுத்துக்கொண்டு தூங்கி எழுந்து சாப்பிடுவதா என்பதையும் சொல்லுங்கள். சமையல் நானும் கணவரும் பங்கு போட்டுச் செய்கிறோம், இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள், எனக்கென்று தனிச் சமையல் தினமும் முடியாது. பாகற்காயும் ஓட்ஸும் தவிர எல்லாம் சாப்பிடுவேன். மது, புகை இல்லை.

மாத்திரை அட்டைகளையும் பழைய அறிக்கைகளையும் சனிக்கிழமை கொண்டுவருகிறேன். சாப்பிட்டதை எழுதிவைக்க வேண்டுமென்றால் இன்றைக்கே ஆரம்பிக்கிறேன், இந்த வாரம் இரவு ஷிஃப்ட்தான், அதனால் உங்களுக்குச் சரியான படம் கிடைக்கும். வேறு ரத்தப் பரிசோதனை ஏதாவது தேவை என்றால் வியாழனுக்குள் சொல்லிவிடுங்கள். பகல் 2 மணிக்கு மேல் அழைத்தால் எடுப்பேன், அதற்கு முன் தூங்கிக்கொண்டிருப்பேன்.

நன்றி மேடம்.