வியூஸ் வருது, கடைக்கு ஆள் வரலையே தம்பி

தம்பி கார்த்தி, வணக்கம். போன்லயே பேசிரலாம்னுதான் நெனச்சேன், ஆனா நடுவுல யாராச்சும் சேல பாக்க வந்துட்டா பேச்சு பாதில நின்னு போகுது, நீங்களும் வேலையா இருப்பீங்க, அதான் டைப் பண்ணியே அனுப்புறேன். நீளமாத்தான் இருக்கும், ராத்திரி வேல முடிஞ்சு நிதானமா படிங்க.

நம்ம சுங்குடி சேலக் கடைக்கு நீங்க எடுத்துக் குடுத்த அந்த முடிச்சு பிரியுற ரீல் 2 லட்சம் வியூஸ் தாண்டிருச்சு. சாயம் போட்டு காஞ்ச சேலைய ரெண்டு பக்கமும் பிடிச்சு இழுக்கையில முடிச்சு படபடன்னு தெறிச்சு வெள்ளப்புள்ளியா விரியுதே, அத நீங்க ஸ்லோ மோஷன்ல எடுத்த விதம் எனக்கே திரும்பத் திரும்ப பாக்கணும்னு இருந்துச்சு. முடிச்சு கட்டுற அக்காமார்கிட்ட காட்டுனப்ப அவங்களுக்கு அம்புட்டு சந்தோஷம். வேல நல்ல வேல, அதுல எனக்கு எந்தக் குறையும் இல்ல. ஆனா அந்த ரீல் பாத்துட்டு வந்தேன்னு சொல்லி மதுரை பத்துத்தூண் பக்கம் நம்ம கடைக்கு ஒரு ஆள்கூட வரல தம்பி. ஏன்னு யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன், எனக்குத் தோணுறத எல்லாம் சொல்றேன், உங்களுக்குத் தெரிஞ்சத நீங்க சொல்லுங்க.

கமெண்ட் பூரா உக்காந்து படிச்சேன். பாதி இந்தி, மிச்சத்துல நெறைய இங்கிலீஷ், தமிழ்ல வந்ததுலயும் பாதி சென்னை, பெங்களூரு, துபாய். "வாவ்", "சூப்பர்", கைதட்டுற எமோஜி. அவங்க ரசிக்கிறது நெசந்தான், ஆனா அவங்க எப்படி விளக்குத்தூணுக்கு வருவாங்க? என் கடைக்கு வர்றவங்க யாருன்னு எனக்குத் தெரியும். திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டி, சிவகங்கை, விருதுநகர்னு பஸ் ஏறி வர்ற டீச்சர்மார், பேங்க்ல வேல பாக்குறவங்க, நாப்பது அம்பது வயசு அம்மாமார், வெயில் காலத்துல காட்டன் தவிர வேற கட்டமாட்டேங்குறவங்க. அவங்க கண்ணுல இந்த ரீல் பட்டுச்சா இல்லையா, அதுதான் எனக்குத் தெரியணும். இன்சைட்ஸ்ல எந்த ஊரு, எந்த வயசு, ஆணா பொண்ணான்னு எல்லாம் காட்டும்ல, எனக்கு நீங்க வியூஸ் நம்பர் மட்டும்தான் அனுப்புறீங்க. ஒருத்தரே மூணு தடவ பாத்தா அதுவும் மூணு வியூஸ்தான்னு என் மக சொல்றா. அதனால இனிமே ஊரு, வயசு, புரொஃபைலுக்குள்ள வந்தவங்க எத்தன பேரு, அட்ரஸ் அமுக்குனவங்க எத்தன பேரு, இதெல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போடுங்க.

இன்னொன்னு கேளுங்க. தீபாவளிக்கு முன்ன நான் கல்லாப்பெட்டி பக்கத்துல நின்னு, இது 850, இது 1,200, இது கையால முடிச்சுப் போட்டது, இது மெழுகு பிரிண்டு, தொட்டுப் பாத்தாலே வித்தியாசம் தெரியும்னு பேசுன வீடியோ ஞாபகம் இருக்கா? வெளிச்சம் சரியில்ல, போட வேணாம்னு நீங்க சொன்னீங்க, நாந்தான் போடச் சொன்னேன். 4,000 வியூஸ்தான் போச்சு. ஆனா அதப் பாத்துட்டு வந்தவங்க போன நீட்டி "இந்தச் சேல இருக்காக்கா"ன்னு கேட்டாங்க தம்பி. ஒருத்தங்க மானாமதுரைல இருந்து தங்கச்சியையும் கூட்டிட்டு வந்து, ஒன்னு எடுக்க வந்தவங்க நாலு எடுத்துட்டுப் போனாங்க. அந்த 4,000 எனக்கு வியாபாரம் குடுத்துச்சு, 2 லட்சம் குடுக்கல. ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு பாத்தா, அதுல வெல இருந்துச்சு, என் பேச்சு இருந்துச்சு, எந்தத் தெருன்னு நான் வாயால சொன்னேன். முடிச்சு ரீல்ல கடப் பேரு கடைசி ரெண்டு செகண்டுதான் வருது, அதுக்குள்ள ஆளு அடுத்த வீடியோவுக்கு போயிருவாங்க. என் குரல எடுத்துட்டு ட்ரெண்டிங் பாட்டு போட்டிருக்கீங்க. வெல எங்கயுமே இல்ல. வெல தெரியாம ஒரு குடும்பத்துப் பொம்பள பஸ் ஏறி வரமாட்டா தம்பி, இவ்ளோ அழகா எடுத்திருக்காங்களே, நமக்குக் கட்டுபடியாகாதுன்னு நெனச்சுட்டு தள்ளிட்டுப் போயிருவா.

கலர் விஷயம் ரொம்ப முக்கியம். நீங்க போடுற ஃபில்டர்ல அரக்கு ஆரஞ்சு மாதிரி தெரியுது, மயில் கழுத்துப் பச்ச நீலமா மாறுது. பாக்க எடுப்பாத்தான் இருக்கு, ஆனா ஒரு அம்மா வந்து, அவங்க போனை சேல மேல வெச்சுப் பாத்துட்டு "இது அது இல்லையே"ன்னு ஒரு மாதிரியா சொன்னாங்க, எனக்கு மனசு கேக்கல. சேல விக்கிறவளுக்கு கலர்தான் நாணயம். வாசல் வெளிச்சத்துல எப்படித் தெரியுதோ அப்படியே விட்டுருங்க, வேற எதுல வேணா உங்க கைவேலையக் காட்டுங்க.

அப்புறம் நாள் கணக்கு. எடுத்து மூணு வாரம் கழிச்சு ரீல் வருது, அதுக்குள்ள அந்தச் சேலையே இருக்குறதில்ல. கைமுடிச்சு சேல ஒரு கலர்ல அஞ்சாறுதான் வரும், அடுத்த தடவ அதே சாயம் அப்படியே விழும்னு சொல்ல முடியாது. தேடி வர்றவங்ககிட்ட தீந்துருச்சுன்னு சொன்னா அடுத்த தடவ வருவாங்களா? சரக்கு எறங்குன ரெண்டு மூணு நாள்ல வீடியோ வரணும், எடிட்டிங் எளிமையா இருந்தாப் போதும்.

கூரியர்லயே வித்துரலாமேன்னு நீங்க சொன்னீங்க. அனுப்புறேன்தான், இல்லைன்னு சொல்லல. ஆனா நேர்ல வர்றவங்க துணியத் தொட்டுப் பாத்து, தோள்ல போட்டுப் பாத்து எடுக்குறாங்க, மனசுக்குப் பிடிச்சு எடுத்தத திருப்பிக் கொண்டு வர்றதில்ல, அடுத்த விசேஷத்துக்கும் அவங்களே வருவாங்க. எங்க கட நிக்கிறது அந்த மாதிரி ஆளுங்களாலதான்.

வரணும்னு நெனக்கிறவங்க போன்ல என்ன கேக்குறாங்க தெரியுமா, காரு எங்க நிப்பாட்டுறது, மாட்டுத்தாவணில எறங்குனா எப்படி வர்றது, ஞாயித்துக்கெழம தொறந்திருக்குமா. இதுக்கு ஒரு வீடியோகூட நம்மகிட்ட இல்ல. விளக்குத்தூண்ல இருந்து கேமராவோட நடந்து வந்து சந்துல திரும்பி கட வாசல்ல நிக்கிற வரைக்கும் ஒரே ஷாட்டா ஒன்னு எடுங்க, அத புரொஃபைல் மேல பின் பண்ணி வெச்சிருவோம், கூகுள் மேப்லயும் போட்ருவோம், அங்க இன்னும் பழைய போர்டு போட்டோதான் கெடக்கு.

மாசம் 8 ரீல்ஸுக்கு 12,000 தர்றேன், அதக் கொறைக்கணும்னு இதச் சொல்லல. 8 வேணாம், 5 போதும், காசு அதே காசுதான். முதல் செகண்டுலயே மதுரை விளக்குத்தூண்னு எழுத்து வரட்டும், வெல தெரியட்டும், என் பேச்ச வெட்டாதீங்க. லொகேஷன் டேக் ஒவ்வொன்னுலயும் வேணும். ராத்திரி 11 மணிக்கு போடாம மத்தியானம் சாப்பிட்டு போன் பாக்குற நேரத்துக்கு போட்டுப் பாப்போம். பூஸ்ட் பண்ண காசு செலவழிச்சா மதுரைய சுத்தி உள்ள ஊருக்கு மட்டும் போற மாதிரி வைங்க. முடிச்சு பிரியுற மாதிரி வீடியோவும் எடுங்க, அந்தக் கைவேலைய ஊரு ஒலகம் பாக்கட்டும், மாசம் ஒன்னு போதும்.

நான் சொல்றதுல தப்பு இருந்தா தப்புன்னு சொல்லுங்க, உங்க தொழில் உங்களுக்குத்தான் தெரியும். புதங்கெழம புதுச் சரக்கு வருது, அரக்கும் கத்திரிப்பூ கலரும் சொல்லியிருக்கேன். காலைல 10 மணிக்கு, கூட்டம் வர்றதுக்கு முன்ன வந்துருங்க, அந்த இன்சைட்ஸ் ஸ்கிரீன்ஷாட்ட மட்டும் நாளைக்கே அனுப்பிருங்க.