ஆண்டுப் பணி மதிப்பீடு 2024–25: மூத்த மெர்ச்சண்டைசர், பின்னலாடை ஏற்றுமதிப் பிரிவு, திருப்பூர்

மதிப்பீட்டுக் காலம்: 2024 ஏப்ரல் 1 முதல் 2025 மார்ச் 31 வரை. எழுதியவர்: மெர்ச்சண்டைசிங் மேலாளர். பார்த்த ஆவணங்கள்: 26 ஆர்டர் கோப்புகள், டிஎன்ஏ ஷீட், பையர் மெயில்கள், ஷிப்மென்டுக்குப் பிந்தைய காஸ்டிங் ஒப்பீடு. கட்டிங், தையல், டையிங் ஃபாலோ-அப் மூன்று பிரிவிலும் கேட்டறிந்தேன்.

மொத்த மதிப்பீடு: 5-க்கு 3, எதிர்பார்ப்புக்கு ஏற்ப. சாம்பிளையும் துணித் தரத்தையும் மட்டும் பார்த்தால் 4 தந்திருப்பேன். அது ஏன் 3 ஆனது என்பதைக் கீழே விளக்கியிருக்கிறேன்.

ஷிப்மென்ட்

இந்த ஆண்டு நீங்கள் கையாண்ட 26 ஆர்டர்களில் 22 குறித்த தேதியில் கிளம்பின, நான்கு தாமதமாயின. அவற்றில் இரண்டுக்கு உங்களைப் பொறுப்பாக்க முடியாது. ஒன்றில் பிபி சாம்பிளுக்கான கமென்ட்டைப் பையரே 9 நாள் தாமதமாக அனுப்பினார், மெயில் கோப்பில் இருக்கிறது. மற்றொன்றில் நேவி ஷேடு இரண்டு முறை ரிஜெக்ட் ஆனது. லேப்-டிப் ஒப்புதலை நீங்கள் நேரத்தில் வாங்கியிருந்தீர்கள். மீதி இரண்டும் உங்கள் மேசையில் தொடங்கியவை.

நன்றாகச் செய்தவை

ஜூனில் போன 180 ஜிஎஸ்எம் சிங்கிள் ஜெர்சி ஆர்டரை முதலில் சொல்ல வேண்டும். மொத்தம் 1,850 கிலோ துணி. முதல் லாட் 420 கிலோ காம்பேக்டிங் முடிந்து வந்தபோது ஜிஎஸ்எம் 178 காட்டியது; பார்த்தவர்கள் எல்லாம் கட்டிங்குக்கு விடலாம் என்றார்கள். வாஷ் டெஸ்ட் பார்க்காமல் விட மாட்டேன் என்று நிறுத்தியது நீங்கள். நீளவாட்டில் 9% சுருங்கியது, பையர் அனுமதித்தது 5%. ரீ-காம்பேக்டிங்குக்கு அனுப்பினீர்கள், ஒரு நாள் போனது. வெட்டியிருந்தால் சுமார் 2,000 பீஸ் முதல் துவைப்பிலேயே குட்டையாகியிருக்கும்.

அதைவிட எனக்குப் பிடித்தது அடுத்து நீங்கள் செய்தது. சுருக்கத்தை முன்கூட்டியே எடுத்துவிட்டால் துணியின் நீளம் குறையும், ஜிஎஸ்எம் ஏறும், ஒரு பீஸுக்கான எடையும் கூடும். 178 என்பது 185 ஆனது, ±5% வரம்புக்குள்தான். ஆனாலும் முழு ஆர்டருக்கும் 4% துணி குறையும் என்று அன்றைக்கே கணக்குப் போட்டு, 75 கிலோ கூடுதல் நிட்டிங்கை அதே டையிங் லாட்டில் சேர்த்துவிட்டீர்கள். கடைசி நேரத்தில் துணி பற்றாமல் தனி லாட் போட்டு ஷேடு மாறும் வழக்கமான தொல்லை இந்த ஆர்டரில் வரவில்லை.

பிபி சாம்பிள் 26 ஸ்டைலில் 21 முதல் முறையிலேயே ஒப்புதலானது. போன ஆண்டு 24-க்கு 15. கழுத்துச் சுற்றளவையும் தோள் சரிவையும் அனுப்பும் முன் நீங்களே அளந்து பார்க்கத் தொடங்கியதுதான் காரணம் என்று சாம்பிள் பிரிவில் சொல்கிறார்கள். சாம்பிள் பதிவேட்டில் உங்கள் அளவுக் குறிப்புகளும் இருக்கின்றன.

காஸ்டிங்: ஒப்பிட்ட 11 ஆர்டர்களில் 9 இரண்டு சதவீதத்துக்குள் வந்தன. விலகிய இரண்டும் பிரஷ்டு ஃபிளீஸ். பிராசஸ் லாஸ் 8% போட்டிருந்தீர்கள். உண்மையில் 12 முதல் 13% வரை போயிருக்கிறது. ரைசிங்கில் பஞ்சு போகும் அளவைச் சாதாரண ஜெர்சியோடு சேர்த்துக் கணக்கிடக் கூடாது.

சரிசெய்ய வேண்டியவை

செப்டம்பர் குழந்தைகள் டி-ஷர்ட் ஆர்டர், 6,400 பீஸ். 100% காட்டனாக இருந்ததை 95% காட்டன், 5% எலாஸ்டேன் என்று மாற்றி ஆகஸ்ட் 12-ல் பையர் மெயில் அனுப்பினார். மறுநாளே துணி புரோகிராமைத் திருத்திவிட்டீர்கள். ஆனால் ஆகஸ்ட் 9-ல் போன வாஷ் கேர் லேபிள் பிஓ திருத்தப்படவில்லை. பழைய கலவையோடு அச்சான லேபிள் 27-ல் வந்து இறங்கியது. சரிபார்க்காமலே தையலுக்குப் போனது. செப்டம்பர் 18-ல் மிட்லைன் சோதனையில்தான் பிடிபட்டது.

தவறு நடக்கும். என் கவலை அதற்குப் பிந்தைய இரண்டு நாள். 18-ம் தேதி தெரிந்த விஷயம் எனக்கு 20-ம் தேதி மாலைதான் வந்தது. இடையில் நீங்களே வேறு பிரின்டரைத் தேடியிருக்கிறீர்கள். உழைப்பு புரிகிறது, ஆனால் தூத்துக்குடி கட்-ஆஃப் 24. 18-லேயே சொல்லியிருந்தால் பையரிடம் பகுதி ஷிப்மென்ட் பேச எனக்கு நாலு வேலை நாள் இருந்திருக்கும். முடிவில் 2,400 பீஸ் விமானத்தில் போனது. கட்டணம் ₹1,08,000, புது லேபிள், பிரித்துத் தைத்த கூலி சேர்த்து இன்னொரு ₹14,000.

பிப்ரவரியில் அதே வகைப் பிழை இன்னொரு உருவில் வந்தது. கழுத்து ரிப் உயரத்தைப் பையர் 1.5 செ.மீ.யிலிருந்து 2 செ.மீ. ஆக்கினார். பேட்டர்ன் மாஸ்டருக்குச் சொன்னீர்கள், ரிப் புரோகிராமை ஏற்றவில்லை. 22 கிலோ பற்றாமல் தனியாக டை செய்ததில் பாடியோடு ஷேடு சேரவில்லை, 5 நாள் போனது. இங்கே ஒரு வித்தியாசத்தையும் பதிய வேண்டும்: தெரிந்த அன்றே என்னிடம் சொன்னீர்கள், அதனால்தான் பையரிடம் ஒரு வாரம் நீட்டிப்பு வாங்க முடிந்தது. அதாவது, சொல்லும் பழக்கம் திருந்திவிட்டது. ஒரு தாளில் மாறியது மற்ற தாள்களுக்குப் போய்ச் சேராதது இன்னும் திருந்தவில்லை. மாற்றத்தை வாட்ஸ்அப் குரல் செய்தியாக மட்டும் அனுப்புவதும் இதில் ஒரு பகுதி; பேட்டர்ன் பிரிவும் கட்டிங் பிரிவும் தனித்தனியாக இதைச் சொன்னார்கள்.

டிஎன்ஏ ஷீட் திங்களும் வியாழனும் புதுப்பிக்க வேண்டியது. அக்டோபர்–டிசம்பரில் 26 முறைக்கு 9 முறைதான் நடந்தது, ஜனவரி–மார்ச்சில் 26-க்கு 21. முதல் எண்ணை உங்கள் கணக்கில் நான் எழுதவில்லை. அக்டோபரில் உங்கள் உதவியாளர் விலகிய பிறகு மூன்று மாதம் அந்த இடத்தை நிரப்பாதது என் தவறு. லேபிள் விஷயத்துக்கு இந்தக் காரணம் பொருந்தாது. அப்போது உதவியாளர் இருந்தார்.

2025–26-க்கு ஒப்புக்கொண்டவை

ஒவ்வொரு ஆர்டர் கோப்பின் முதல் பக்கத்திலும் ஒரு மாற்றப் பதிவு இருக்கும்: தேதி, என்ன மாறியது, அது தொடும் ஐந்து இடங்கள் (துணி புரோகிராம், ரிப், டிரிம்ஸ் பிஓ, பேட்டர்ன், காஸ்டிங்). ஐந்திலும் டிக் விழாமல் மாற்றம் முடிந்ததாகக் கொள்ள மாட்டோம். வாஷ் கேர் லேபிள் பிஓ, துணிக் கலவை எழுத்தில் உறுதியான பிறகே போகும். ஷிப்மென்ட் தேதியைத் தொடும் எந்தச் சிக்கலும் அன்றைய வேலை முடியும் முன் எனக்குத் தெரிய வேண்டும், தீர்வு கையில் இல்லாவிட்டாலும். பிரஷ்டு ஃபிளீஸுக்குப் பிராசஸ் லாஸ் 12 அல்லது 13%, மில் சொல்வதைப் பொறுத்து. டிஎன்ஏ இலக்கு 104-க்கு 95.

என் பக்கம்: இரண்டாவது லேபிள் பிரின்டரை ஜூன் 30-க்குள் பதிவு செய்வேன். புது உதவியாளரை வேறு டீமுக்கு ஆறு மாதத்துக்கு மாற்ற மாட்டேன். செப்டம்பர் கடைசி வாரத்தில் அதுவரை வந்த மாற்றப் பதிவுகளை இருவரும் உட்கார்ந்து பார்ப்போம். அவை ஒழுங்காக இருந்தால், பெரிய பையர் கணக்கு ஒன்றை அக்டோபரிலிருந்து உங்களிடம் தர நிர்வாகத்திடம் பரிந்துரைப்பேன்.

எண்களில் எங்காவது உங்கள் கோப்போடு ஒத்துப்போகவில்லை என்றால் ஏப்ரல் 25-க்குள் எழுதித் தாருங்கள். உங்கள் குறிப்பும் இதோடு சேர்ந்தே மனிதவளப் பிரிவுக்குப் போகும்.