f(x) = (x² − 3)/(x − 2): உன் வரைபட விவரிப்பைப் பார்த்தேன்

தம்பி,

முதலில் சரியாக இருப்பவை. x-அச்சை வளைவரை (√3, 0), (−√3, 0) என்ற இரண்டு புள்ளிகளில் வெட்டுகிறது, சரி. x = 2 செங்குத்துத் தொலைத்தொடுகோடு, அதுவும் சரி. x = 2 போட்டால் தொகுதி 1, பூச்சியம் ஆகவில்லை என்று சரிபார்த்து எழுதியிருக்கிறாய். பலர் அதை விட்டுவிடுவார்கள்.

y-அச்சில் (0, −3/2) என்று எழுதியிருக்கிறாய். −3-ஐ −2-ஆல் வகுத்தால் குறி என்ன? (0, 3/2) தான். கைத்தவறு, அவ்வளவுதான்.

அடுத்தது கைத்தவறு இல்லை. "கெழுக்களின் விகிதம் 1, ஆகவே y = 1 கிடைமட்டத் தொலைத்தொடுகோடு" என்கிறாய். அந்த விதி தொகுதியின் படியும் பகுதியின் படியும் சமமாக இருந்தால்தான் செல்லும். இங்கே மேலே 2, கீழே 1. x = 100 போட்டுப் பார்: 9997/98, ஏறக்குறைய 102.01. இது எங்கே 1-ஐ நெருங்குகிறது? வகுத்துப் பார்த்தால்

f(x) = x + 2 + 1/(x − 2)

x பெரிதாகப் பெரிதாகக் கடைசி உறுப்பு கரைந்துபோகும். மிஞ்சுவது y = x + 2 என்ற சாய்ந்த தொலைத்தொடுகோடு. 102.01 ஏன் வந்தது என்று இப்போது தெரிகிறதா?

திரும்பும் புள்ளிகள் (1, 2), (3, 6). f′(x) = 1 − 1/(x − 2)² என்பதைப் பூச்சியமாக்கிச் சரியாகவே கண்டுபிடித்துவிட்டாய். அப்புறம் "6 பெரியது, எனவே (3, 6) பெருமம், (1, 2) சிறுமம்" என்று எழுதிவிட்டாய். இங்கேதான் வழுக்கியது. இடஞ்சார்ந்த பெருமம் என்றால் பக்கத்தில் இருக்கும் மதிப்புகளைவிடப் பெரியது. அடுத்த கிளையில் இருக்கும் புள்ளியோடு அதற்குப் போட்டி கிடையாது. f(0) = 1.5, f(1) = 2, f(1.5) = 1.5. ஏறி இறங்குகிறது, ஆகவே (1, 2) பெருமம். f(2.5) = 6.5, f(3) = 6, f(4) = 6.5. இறங்கி ஏறுகிறது, ஆகவே (3, 6) சிறுமம். பெருமம் சிறுமத்தைவிடக் கீழே இருப்பது விநோதமாகத் தெரியும்; நடுவில் x = 2-இல் வளைவரை அறுந்துபோவதால் வரும் வேடிக்கை இது. f″(x) = 2/(x − 3)³ என்று எழுதியதில் அடைப்புக்குள் இருக்கும் 3-க்குப் பதில் 2 வரவேண்டும். திருத்திவிட்டு 1-ஐயும் 3-ஐயும் போட்டால் −2, 2 கிடைக்கும், இதே முடிவுதான்.

"x = 2-ஐ இடமிருந்து நெருங்கினால் +∞" என்றதும் தவறு. f(1.9) = −6.1, f(2.1) = 14.1. இடது கிளை கீழே பாய்கிறது, வலது கிளை மேலே.

வீச்சகத்தை "எல்லா மெய்யெண்களும்" என்று போட்டிருக்கிறாய். 4 என்ற மதிப்பு எங்காவது வருகிறதா? x² − 3 = 4(x − 2) என்று எழுதித் தீர்த்துப் பார். இதை மட்டும் நான் திருத்தவில்லை. வெள்ளிக்கிழமை படத்தோடு சேர்த்து நீயே எழுதிக் கொண்டு வா. இரண்டு தொலைத்தொடுகோடுகளையும் புள்ளிக்கோடாக முதலில் போட்டுக்கொண்டு வளைவரையை வரை.

இப்போதைக்கு 10-க்கு 5.